குர்லா ஸ்டேஷன்ல அந்த நாலு நிமிஷம் மைக்ரேன் இல்ல சார்

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 57 வயசு, செம்பூர்ல இருக்கேன். காலேஜ் படிக்கிறப்பலேருந்து மைக்ரேன் உண்டு. வருஷத்துக்கு மூணு நாலு தடவை கண்ணு முன்னாடி ரம்பப் பல்லு மாதிரி வெளிச்சம் நெளிஞ்சு நெளிஞ்சு வரும், அரை மணி நேரத்துல போயிடும், அப்புறம் தலைவலி. போன வியாழக்கிழமை சாயங்காலம் குர்லா ஸ்டேஷன்ல இண்டிகேட்டரப் பாத்துட்டு நிக்கிறப்ப வலது கண்ணுல மட்டும் மேலேருந்து ஷட்டர் இறக்கின மாதிரி இருட்டிடுச்சு. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தேன், இடது கண்ணுல எல்லாம் தெளிவா தெரிஞ்சுது. நாலு நிமிஷம் இருக்கும், தானா சரியாயிடுச்சு, தலைவலியும் வரல. பழைய மைக்ரேன் மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டேன். கண்ணாடிக் கடையில செக் பண்ணேன், பவர் மாறலன்னாங்க. தெரிஞ்ச டாக்டரும் மைக்ரேன்தான்னு சொல்லிட்டார். சுகர், பிபி ரெண்டுக்கும் மாத்திரை போடுறேன், சிகரெட் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்புறோம், நாகர்கோவில்ல கொழுந்தியா பொண்ணு கல்யாணம். வந்து பாத்துக்கலாமா?

பதில்:

வேண்டாம் சார். வந்து பாத்துக்கலாம்னு வைக்கிற விஷயம் இல்ல இது. இந்த முதல் ரெண்டு மூணு பாராவை மட்டும் படிச்சுட்டு கிளம்பிடுங்க, மிச்சத்தை ஆஸ்பத்திரியில காத்திருக்கிற நேரத்துல படிச்சுக்கலாம். கண்ணாடிக் கடை வேண்டாம், கண் கிளினிக் மட்டும் போனாலும் பத்தாது, நியூராலஜி டாக்டரும் ஸ்கேனும் 24 மணி நேரமும் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட கேஷுவாலிட்டிக்குப் போங்க, சயானோ கேஈஎம்மோ இல்ல உங்க இன்சூரன்ஸ் செல்லுற பிரைவேட்டோ, எதுவா இருந்தாலும் சரி. கூட வீட்டுல ஒருத்தர் வரட்டும், நீங்க வண்டி ஓட்டாதீங்க.

அங்க போய் என்ன சொல்றீங்கங்கிறது ரொம்ப முக்கியம். "எனக்கு மைக்ரேன் இருக்கு, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா வலி மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க, தலைசுத்தல்னு சீட்டுல எழுதிடவும் கூடும். "ஏக் ஆங்க் கீ ரோஷ்னி அசானக் சலீ கயீ, சார் மினிட் மே வாபஸ் ஆயீ"ன்னு அதையே முதல் வாக்கியமா சொல்லுங்க. ஒத்தைக் கண்ணு, சட்டுன்னு போச்சு, நாலு நிமிஷத்துல வந்துச்சு, 57 வயசு, சுகர், பிபி, பழைய சிகரெட், இவ்வளவும் காதுல விழுந்தா டியூட்டி டாக்டர் உங்களை உக்கார வைக்க மாட்டார்.

அப்புறம் அந்த மைக்ரேன் மாத்திரை. அட்டையைத் திருப்பி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. எர்கோடமின்னோ, பேரு டிரிப்டான்னு முடியுற எதாவதோ இருந்தா (சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் இந்த மாதிரி) இனிமே ஒண்ணுகூட போடாதீங்க, டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும். இந்த ரெண்டு வகையும் ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்து. மைக்ரேன் வலிக்கு அது வேலை செய்யும், ஆனா ரத்தம் ஏற்கனவே அடைச்சுக்கிட்டு போற இடத்துல குழாயை இன்னும் சுருக்கினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. பாதி விஷயம் தெரியாம நம்ம ஊர்ல கடையில இதை வாங்கி பர்ஸ்லயே வெச்சுக்கிட்டுத் திரியறாங்க, எனக்கு அது பெரிய கவலை. அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க, எப்ப போட்டீங்கன்னு சொல்லுங்க. சுகர் பிபி மாத்திரையை நிறுத்தாதீங்க, வழக்கம்போல போடுங்க. யாராவது ஆஸ்பிரின் போட்டுட்டு வீட்டுலயே இருங்கன்னு சொன்னா கேக்காதீங்க, ஆஸ்பிரின் தேவைப்படலாம்தான், ஆனா அதை அங்க பாத்துட்டு அவங்க ஆரம்பிப்பாங்க.

சரி, இப்ப நான் ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு பாப்போம்.

உங்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல வந்துக்கிட்டு இருக்கிற அந்த ரம்பப் பல்லு, அது மைக்ரேன் ஆரா. அது கண்ணுல நடக்கிறதே இல்ல, மூளையில நடக்குது. பின்மண்டையில, நீங்க தலையணையில தலை வைக்கிற இடத்துல, பாக்குறதுக்குன்னே மூளையோட ஒரு பகுதி இருக்கு. அங்க நரம்பு செல்லுங்க ஒரு நேரத்துல கூட்டமா தூண்டப்பட்டு, உடனே களைச்சுப்போய் அடங்கிடும், அந்த அலை பக்கத்து செல்லுங்களுக்குப் பரவும், அங்கயும் அதே மாதிரி. குளத்துல கல்லு போட்டா வளையம் விரியுற மாதிரிதான், ஆனா ரொம்ப மெதுவா, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அலையோட முன் விளிம்புதான் உங்களுக்கு மின்னுற ரம்பப் பல்லு, அது போன பிறகு அடங்கிக் கிடக்கிற இடம்தான் அந்தப் பல்லுக்குப் பின்னாடி தெரியுற மங்கல்.

இந்த 3 மில்லிமீட்டர் கணக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்ல் லாஷ்லின்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர், அவருக்கே இந்த ஆரா வரும். வரும்போதெல்லாம் ஒரு காகிதத்துல ஒரு புள்ளி வெச்சு அதையே பாத்துக்கிட்டு, அந்த நெளியுற விளிம்பு எங்க இருக்குன்னு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கோடு போட்டுக்கிட்டே இருந்தார். எவ்வளவு நேரத்துல எவ்வளவு தூரம் நகருதுன்னு வெச்சு, மூளையில அது எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டு 1941-ல எழுதினார். மூணு வருஷம் கழிச்சு, 1944-ல, பிரேசில்காரர் லியாவ் முயலோட மூளையில அதே மாதிரி மெதுவா ஊருற ஒரு அலையை நேரடியாவே அளந்து காட்டினார். ரெண்டு பேரும் வேற வேற வழியில போய் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்து நின்னாங்க.

இந்த மெதுவான நடைதான் உங்களுக்கு முக்கியமான துப்பு. அடுத்த தடவை ரம்பப் பல்லு வரும்போது கவனிங்க. பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கும்போது முதல்ல ஒரு எழுத்து மட்டும் காணாம போகும், பாக்குற இடத்துக்குப் பக்கத்துலயே, ஃப்ளாஷ் அடிச்ச பிறகு கண்ணுல நிக்குமே அந்த மாதிரி ஒரு சின்னப் பொட்டு. அஞ்சு நிமிஷத்துல அது பெரிசாகி ஓரத்துல பல்லு முளைக்கும், பிறை நிலா மாதிரி வளைஞ்சு ஒரு பக்கமா வெளியே நகரும், ஓரத்துக்குப் போகப்போக பல்லு பெருசாகும், வேகமும் கூடுற மாதிரி இருக்கும். உண்மையில அலை ஒரே வேகத்துலதான் போகுது, பார்வையோட நடுப்பகுதிக்கு மூளையில இடம் நிறைய ஒதுக்கியிருக்கு, ஓரத்துக்குக் கொஞ்சம்தான், அதனால ஓரத்துக்கு வந்ததும் சட்டுன்னு தாண்டுற மாதிரி தெரியுது. இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல பார்வையோட விளிம்பைத் தாண்டி வெளியே போயிடும். கண்ணை மூடினாலும் அது மின்னிக்கிட்டே இருக்கும், ஏன்னா அது கண்ணுக்குள்ள இல்லையே.

இன்னொண்ணு, மூளையில வலது பக்கம் நடந்தா ரெண்டு கண்ணோட இடது பாதிப் பார்வையும் போகும், இடது பக்கம் நடந்தா ரெண்டு கண்ணோட வலது பாதி. ஆனா வர்றவங்க பத்துல பாதிப் பேர் என்கிட்ட "வலது கண்ணுல வந்துச்சு டாக்டர்"னுதான் சொல்லுவாங்க, வலது பக்கமா மின்னினா அது வலது கண்ணுதான்னு நமக்குத் தோணும், அது இயல்பு. அதனாலதான் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கச் சொல்றோம். நீங்க அந்த நெருக்கடியில, கூட்டத்துல நின்னுக்கிட்டு, அதைத் தானா செஞ்சிருக்கீங்க பாருங்க, நான் எழுதுற இந்த மொத்தப் பதிலும் அந்த ஒரு காரியத்து மேலதான் நிக்குது. நீங்க அதைச் செய்யாம இருந்திருந்தா நானே ரெண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஏன்னா இடது கண்ணு சுத்தமா தெரிஞ்சுது, வலது கண்ணு மட்டும் இருட்டு. அப்படின்னா கோளாறு பின்மண்டையில இருக்க முடியாது, ரெண்டு கண்ணோட சேதியும் ஒண்ணா கலக்குறதுக்கு முன்னாடி, வலது கண்ணுக்குள்ளயோ அதுக்கு ரத்தம் கொண்டு வர்ற வழியிலயோதான் இருக்கணும்.

அந்த வழி எதுன்னா, தாடைக்குக் கீழ கழுத்துல கை வெச்சா துடிக்குதே, அந்தக் கரோட்டிட் குழாய். அது மேல போய் மண்டைக்குள்ள நுழைஞ்சதும் விடுற முதல் பெரிய கிளையே கண்ணுக்குப் போறதுதான். அதுலேருந்து ஒரு மெல்லிய குழாய் விழித்திரைக்குப் போகுது. கழுத்துல அந்தக் கரோட்டிட் ரெண்டாப் பிரியுற இடத்துல கொழுப்பு படிஞ்சு புண்ணு மாதிரி ஆகியிருந்தா, அதுலேருந்து சின்னத் துணுக்கு பிச்சுக்கிட்டு ரத்தத்தோட மேல போகும், கண்ணுக்குள்ள போய்ச் சிக்கும். சிக்கின அந்த வினாடியே அந்தப் பகுதிக்கு வெளிச்சம் கிடையாது. அலை ஊருற கதையெல்லாம் இல்ல, மின்னலும் இல்ல பல்லும் இல்ல, வெறும் இருட்டு, இல்லன்னா சாம்பல் கலர்ல ஒரு மூட்டம். விழித்திரைக்கு மேல் பாதிக்கு ஒரு கிளை, கீழ் பாதிக்கு ஒரு கிளைன்னு குழாய் பிரியுறதாலதான் மேலேருந்தோ கீழேருந்தோ திரை விழுற மாதிரி தெரியுது. உங்க ஷட்டர் அதுதான். துணுக்கு உடைஞ்சு நகர்ந்துடுச்சுன்னா ரத்தம் திரும்ப ஓடும், பார்வை திரும்பும், வலின்னு ஒண்ணும் இருக்காது.

மில்லர் ஃபிஷர்னு ஒரு நரம்பியல் டாக்டர், ஒரு நோயாளிக்கு இப்படி பார்வை போன நேரத்துலயே கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்குற வாய்ப்பு கிடைச்சு, விழித்திரைக் குழாய்ல வெள்ளை வெள்ளையா துண்டுங்க மெதுவா நகர்ந்து போறதைக் கண்ணால பாத்து 1959-ல எழுதினார். அதனால இது யாரோ யூகிச்ச விஷயம் இல்ல.

தானா சரியாயிடுச்சேன்னு நீங்க நிம்மதியா இருக்கீங்க, எனக்குப் பயமே அதுலதான். அதே கரோட்டிட்டோட மெயின் லைன் வலது பக்க மூளைக்குப் போகுது. வியாழக்கிழமை துணுக்கு கண்ணுக்கிளையில திரும்பிச்சு, அடுத்தது நேரா மேல போனா ஸ்ட்ரோக். இந்த மாதிரி ஒரு முன்னெச்சரிக்கை வந்த பிறகு ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு முதல் ரெண்டு நாள்லயும் முதல் வாரத்துலயும்தான் அதிகம், நாளாக நாளாகக் குறையும். நீங்க இன்னும் அந்த முதல் வாரத்துக்குள்ளதான் இருக்கீங்க, நாகர்கோவில் ரயில்ல ஒண்ணரை நாள் கிடக்கிறதும் அதே வாரத்துலதான் வருது.

மாட்டுங்காவுலேருந்து ஒரு பெரியவர் என்கிட்ட வந்தார், ரிட்டையர் ஆன பேங்க் ஆபீசர், 66 வயசு, அவருக்கும் உங்களை மாதிரியே முப்பது வருஷ மைக்ரேன், ரம்பப் பல்லு எல்லாம் உண்டு. ரெண்டு வாரத்துல மூணு தடவை இடது கண்ணுல இருட்டு, ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம் அஞ்சு நிமிஷம். வயசானா மைக்ரேன் தலைவலி இல்லாம வெறும் ஆரா மட்டும் வரும்னு எங்கயோ படிச்சிருக்கார், அது நிஜமும்தான், ஐம்பதுக்கு மேல நிறையப் பேருக்கு அப்படி வரும், அதனால இதுவும் அதுதான்னு தேத்திக்கிட்டார். மூணாவது தடவை அவர் சம்சாரம் காபி குடுக்கும்போது டம்ளரைப் பிடிக்காம விட்டுட்டார், வலது கை ஒரு நிமிஷம் பிடி இல்லாம போச்சு. அப்பதான் கூட்டிட்டு வந்தாங்க. கண்ணுல மருந்து விட்டுப் பாத்தப்ப விழித்திரைக் குழாய் ரெண்டா பிரியுற முனையில மஞ்சளா பளபளன்னு ஒரு பொட்டு உக்காந்திருந்துச்சு, கொலஸ்ட்ரால் துணுக்கு. ஹாலன்ஹார்ஸ்ட்னு ஒருத்தர் 1961-லயே இதை விவரிச்சு, இன்னைக்கும் அவர் பேர்லதான் சொல்றோம். கழுத்துக் குழாயைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல இடது கரோட்டிட் 80 சதவீதம் அடைப்பு. இடது கண்ணு, வலது கை, ரெண்டும் சேர்ந்தா கைகாட்டுறது இடது கழுத்தைத்தான்.

ஒன்பதாவது நாள் கழுத்துல ஆபரேஷன் பண்ணி அந்தக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தாங்க. இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, இருட்டு ஒரு தடவைகூட வரல. ரம்பப் பல்லு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை வழக்கம்போல வந்துட்டுப் போகுது. கழுத்தைச் சரி பண்ணினா ஒண்ணு நின்னுச்சு, இன்னொண்ணு நிக்கல, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள குடியிருந்த வேற வேற வியாதிங்க. உங்களுக்கும் நான் சொல்றது இதேதான் சார், உங்க மைக்ரேன் நிஜம், அதை யாரும் இல்லன்னு சொல்லல, ஆனா அது இருக்கிறதாலேயே வேற ஒண்ணு வராதுன்னு கிடையாது. தெரிஞ்ச டாக்டரும் இருபது வருஷமா உங்களை மைக்ரேன் ஆளா பாத்தே பழகியிருப்பார், ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா மனசு அதுலேயே போய் நிக்கும், எங்க எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

ஆஸ்பத்திரியில என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல பிபி, சுகர், ஈசிஜி. இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒண்ணு உண்டு, அதுல இதயத்துக்குள்ள ரத்தம் கட்டி அங்கேருந்தும் துணுக்கு கிளம்பும். அது விட்டு விட்டு வர்றதால ஒரு ஈசிஜியில சிக்காம போகலாம், அதனால ஒரு நாளோ அதுக்கு மேலயோ துடிப்பைத் தொடர்ந்து பதிவு பண்ற ஹோல்டர் மாட்டுவாங்க, எக்கோவும் எடுப்பாங்க. மூளைக்கு எம்ஆர்ஐ, அதுல டிஃப்யூஷன்னு ஒரு படம், நமக்கே தெரியாம புதுசா சின்ன ஸ்ட்ரோக் நடந்திருந்தா அதுல வெள்ளையா தெரியும். கழுத்துக்கு டாப்ளர், வலி கிடையாது, ஜெல் தடவி பத்துப் பதினஞ்சு நிமிஷ வேலை. கண் டாக்டர் மருந்து விட்டு விழித்திரையைப் பாக்கணும், கண்ணாடிக் கடையில பவர் பாத்தாங்களே, அதுல இதெல்லாம் தெரியவே தெரியாது. சொல்லப்போனா துணுக்கு நகர்ந்து போயிட்டா கண் டாக்டர் பாத்தாலும் எல்லாம் சுத்தமா இருக்கலாம், கண்ணு நார்மல்னு சொன்னதும் மத்த டெஸ்ட்டைக் கேன்சல் பண்ணிட்டு வந்துடாதீங்க.

டாப்ளர்ல வலது பக்கம் 70 சதவீதத்துக்கு மேல அடைப்பு வந்தா ஆபரேஷன் பத்திப் பேசுவாங்க, 50-லேருந்து 69 வரைக்கும் வந்தா ஆளைப் பொறுத்து. பண்றதா இருந்தா ரெண்டு வாரத்துக்குள்ள பண்றதுலதான் பலன் அதிகம், கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா அந்தக் கெடுவுல பெரும்பகுதி கரைஞ்சிடும். அடைப்பு கம்மின்னா ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை, முதல் மூணு வாரம் சில பேருக்கு கூட ஒண்ணு சேத்து, கொழுப்புக்கு ஸ்டாட்டின், பிபியும் சுகரும் கட்டுக்குள்ள. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னா மருந்தே வேற வகை. அதனால எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்காம வெறுமனே ஒரு மாத்திரையைப் போட்டு ஓட்டக்கூடாது.

டாக்டர்கிட்ட நீங்களா சொல்ல வேண்டியது இன்னும் ரெண்டு இருக்கு. மத்தியானம் பில்டிங்லேருந்து உச்சி வெயில்ல இறங்கும்போது வலது கண்ணு மட்டும் வெளுத்துப் போய், சரியாக ரொம்ப நேரம் எடுத்துக்குதா? கரோட்டிட் ரொம்பக் குறுகியிருந்தா சில பேருக்கு அப்படி நடக்கும், கண்ணுக்கு ரத்தம் போதல. இன்னொண்ணு, நெத்திப்பொட்டுல புது மாதிரி வலி, தலை சீவும்போது தோல் எரிச்சல், சப்பாத்தி மெல்லும்போது தாடை களைச்சு வலிக்குதா? இருந்தா ஈஎஸ்ஆர், சிஆர்பின்னு ரெண்டு ரத்த டெஸ்ட்டும் உடனே பாக்கணும். ஐம்பதுக்கு மேல, முக்கியமா எழுபதுக்கு மேல, ரத்தக்குழாயே அழற்சியில வீங்கி கண்ணைக் கெடுக்குற ஒரு வியாதி உண்டு, நம்ம ஊர்ல கம்மிதான், ஆனா அது இருந்து ஸ்டீராய்டு அன்னைக்கே தரலன்னா கண்ணு நிரந்தரமா போயிடலாம், அடுத்த கண்ணும் போகலாம். உங்க கடிதத்துல அந்த அறிகுறி எதுவும் இல்ல, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இதைப் படிக்கிற மத்த மைக்ரேன்காரங்க பயந்துடக் கூடாது, அதுக்கும் ரெண்டு வார்த்தை. வருஷக்கணக்கா ஒரே மாதிரி, மெதுவா விரியுற நெளி வெளிச்சம், ரெண்டு கண்ணுலயும், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுதுன்னா ஒவ்வொரு தடவையும் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்ல. நாற்பது ஐம்பது வயசுக்கு மேல முதல் தடவையா வந்தா, ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனா, மின்னல் இல்லாம வெறும் இருட்டா சட்டுன்னு பாதிப் பார்வை போனா (ரெண்டு கண்ணுலயும் போனாலும்தான், பின்மண்டை குழாய் அடைச்சாலும் அப்படி ஆகும்), வழக்கத்தை விட்டு மாறினா, அப்ப காட்டணும். கண்ணு ஓரத்துல ஒரு வினாடி மின்னல் மின்னலா வெட்டி, கொசு பறக்குற மாதிரி நிறையப் புள்ளி, ஒரு ஓரத்துல நிழல் வந்து நகராம நிக்குதுன்னா அது விழித்திரை பிரியுறது, அதுவும் அன்னைக்கே கண் ஆஸ்பத்திரி. ஆராவோட மைக்ரேன் இருக்கிற பொண்ணுங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறதா இருந்தா, இதை டாக்டர்கிட்ட சொல்லிடணும், அந்த ரெண்டும் சேர்ந்தா ஸ்ட்ரோக் ஆபத்து கூடும், வேற வழி தருவாங்க.

உங்களுக்குத் திரும்ப வந்தா என்ன செய்யணும்னும் சொல்லிடறேன் சார். முதல்ல மணி பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணுன்னு வாய்விட்டுப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, பின்னாடி மறந்துடும். நகருதா அப்படியே நிக்குதா, வெளிச்சமா இருட்டா, இதை மட்டும் பாத்தா போதும். வலது கண்ணு இருட்டினா, திரும்ப வந்தாலும் வராட்டியும் நேரா ஆஸ்பத்திரி. வராமலே நின்னுச்சுன்னா அது கண்ணுக்குள்ள நடக்கிற ஸ்ட்ரோக், விழித்திரை ரத்தமில்லாம மணிக்கணக்குல தாங்காது. அதோட இடது கை, இடது கால், வாய் கோணல், பேச்சுக் குழறல் இதுல எது வந்தாலும் 108, ஆட்டோவோ லோக்கலோ தேடாதீங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதனாலதான் மணி பாக்கச் சொல்றது. ஏன் இடது பக்கம்னா, வலது கரோட்டிட் போற வலது மூளைதான் இடது கையை ஆட்டுவிக்குது. வீட்டுல அம்மாவுக்கும் இதைச் சொல்லி வைங்க.

ஞாயித்துக்கிழமை டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க, வீட்டுல மத்தவங்க போகட்டும், ஆனா ஒருத்தர் உங்களோட இருக்கணும். டாப்ளர் ரிப்போர்ட்லயும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்லயும் என்ன எழுதியிருக்காங்கன்னு, ஈசிஜி பேப்பரோட சேத்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, வலது பக்கம் எத்தனை சதவீதம்னு போட்டிருக்காங்கங்கிற அந்த வரியை முதல்ல அனுப்புங்க.